குழாயின் உப்புக்கறையும் 45 விநாடி வீடியோவும்

வீட்டுச் சுத்தம் பற்றிய குறும் வீடியோ ஒரு கறையையும், அதைப் போக்கும் பொருளையும், கிடைக்கும் பலனையும் ஒரு நிமிடத்துக்குள் காட்டி முடிக்கிறது. யூடியூப் ஷார்ட்ஸில் 2024 அக்டோபர் முதல் மூன்று நிமிடம் வரை நீளம் அனுமதிக்கப்பட்டாலும், சுத்தக் குறிப்புகளுக்கு ஒரு நிமிடமே போதும். இந்தச் சுருக்கத்தில்தான் சிக்கலும் இருக்கிறது. வேலையில் பெரும்பகுதி காத்திருப்பது. வீடியோவில் காத்திருப்பைக் காட்ட முடியாது. எனவே காத்திருந்த நேரம் வெட்டப்பட்டு, தேய்த்தவுடன் கறை போனதுபோல ஒரு தோற்றம் உருவாகிறது. பார்த்தவர் தம் வீட்டில் செய்து பார்க்கும்போது கறை அசைவதில்லை. குறிப்பு சரியாகவே இருந்திருக்கலாம். நேரம்தான் பொய்யாகச் சொல்லப்பட்டிருக்கும்.

இதைத் தெளிவாகப் பார்க்க ஏற்ற எடுத்துக்காட்டு, குளியலறைக் குழாயில் படியும் வெள்ளை உப்புக்கறை. போர்வெல் தண்ணீர் பயன்படும் வீடுகளில் இது அன்றாடத் தொல்லை. இதைப் பற்றிய வீடியோக்கள் ஏராளம். இதைப் போக்கும் முறை எளிது, மலிவு, உண்மையிலேயே பலன் தருவது. ஆகவே மிகைப்படுத்தத் தேவையே இல்லாத ஒரு வேலை எப்படி மிகைப்படுத்தப்படுகிறது, அதை எப்படித் தவிர்க்கலாம் என்பதை இதில் படிப்படியாகக் காணலாம்.

கறை எதனால் ஆனது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நிலத்தடி நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கும். இந்தியக் குடிநீர்த் தரநிலை, ஒரு லிட்டரில் 200 மில்லிகிராம் வரையிலான கடினத்தன்மையை ஏற்கத்தக்க அளவு என்கிறது. வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. இந்த உப்புகள் கரைந்த நீர்த்துளி குழாயின் மேல் நின்று காயும்போது நீர் ஆவியாகி, கால்சியம் கார்பனேட் வெள்ளைப் படலமாகத் தங்கிவிடுகிறது. சுண்ணாம்புக் கல்லும் இதே பொருள்தான். நாள்தோறும் அதே இடத்தில் துளி காய்வதால் படலம் தடித்து, குழாயின் அடியிலும் நீர் விழும் வாயிலும் ஓடுபோல இறுகிவிடும்.

சோப்பு இதைக் கரைக்காது. அமிலம் கரைக்கும். அமிலம் பட்டதும் கால்சியம் கார்பனேட் சிதைந்து, நீரில் கரையக்கூடிய உப்பாக மாறுகிறது. கரியமில வாயு சிறு குமிழிகளாக வெளியேறுகிறது. வினிகரிலும் எலுமிச்சை உப்பிலும் உள்ள மென்மையான அமிலங்களே இதற்குப் போதும். ஆனால் மென்மையானவை என்பதால் அவற்றுக்கு நேரம் வேண்டும். அமிலம் படலத்தின் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி அடுக்கடுக்காகத்தான் கரைத்துக்கொண்டு போகும். மெல்லிய படலம் சில நிமிடங்களில் போகும். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குத் தடித்தது அரை மணி நேரம் ஊறினாலும் முழுதாகப் போகாமல் இருக்கலாம். ‘இரண்டே நிமிடத்தில்’ என்ற தலைப்பு இந்தக் கறையோடு ஒத்துவராது என்பதற்கு இதுவே காரணம்.

இந்த வகை வீடியோக்களில் மிக அதிகமாகக் காட்டப்படுவது வினிகரும் ஆப்ப சோடாவும் சேரும்போது பொங்கும் நுரை. பார்க்க வலிமையாகத் தெரியும். ஆனால் அங்கே அமிலத்தைச் சோடாதான் தின்றுகொண்டிருக்கிறது; கறையைக் கரைக்க வேண்டிய அமிலம், கறையைத் தொடும் முன்பே செயலிழந்து போகிறது. நுரை அடங்கிய பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் உப்புக் கரைந்த தண்ணீர். இரண்டையும் தனித்தனி வேலைக்குத் தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டும் நல்ல பொருள்கள். உப்புக்கறைக்குச் சோடா வேண்டியதில்லை. கறையின் மேல் வினிகரை மட்டும் ஒரு சொட்டு விட்டால் எழும் நுண்ணிய குமிழிகளே உண்மையான சான்று. அவை அடக்கமாகத் தெரிவதால் வீடியோவில் இடம் பெறுவதில்லை. கேமராவை அருகில் வைத்து அதையே காட்டுவது நுரையைக் காட்டுவதைவிடப் பன்மடங்கு பயனுள்ளது. பார்ப்பவர் தம் வீட்டுக் கறை இதே வகைதானா என்று அந்தச் சொட்டைக் கொண்டே தெரிந்துகொள்ளலாம். குமிழி எழாமல் வழவழப்பாக இருந்தால் அது சோப்புப் படிவு. பாத்திரம் கழுவும் திரவமும் தேய்ப்பும் வேண்டும். பழுப்பாக இருந்தால் துருவாக இருக்கலாம். முலாமே உரிந்து மஞ்சள் பித்தளை தெரிந்தால் அது கறையே அல்ல; எதைத் தேய்த்தாலும் திரும்பாது.

அடுத்தது பொருள்களின் பெயர். ‘இந்தப் பவுடரைப் போட்டு அந்த பிரஷ்ஷால தேய்ங்க’ என்று சொல்லிக் கையை மட்டும் காட்டும் வீடியோ, பார்ப்பவரைக் கடையில் நிறுத்திவிடுகிறது. பெயர் என்பது கடையில் கேட்டால் கிடைக்கும் பெயராக இருக்க வேண்டும். எலுமிச்சை உப்பு என்று சிலர் கேட்பார்கள். லெமன் சால்ட் என்று சிலர். பாக்கெட்டில் சிட்ரிக் ஆசிட் என்று இருக்கும். மூன்றும் ஒன்றே என்று திரையில் எழுதிக் காட்டினால் குழப்பம் தீரும். இது சமையல் உப்பு அல்ல, ஆப்ப சோடாவும் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றுமே வெள்ளைத் தூள்கள், தட்டில் கொட்டினால் வேறுபாடு தெரியாது. வினிகர் என்றால் சமையலுக்கு விற்கும் வெள்ளை வினிகர். அதில் சுமார் 4 முதல் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் எலுமிச்சை உப்பைக் கரைத்தால் ஏறத்தாழ அதே அளவு அடர்த்தி கிடைக்கும், வாடையும் இருக்காது. ‘கொஞ்சம்’ என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை. ஒரு வீட்டின் கொஞ்சம் இன்னொரு வீட்டில் பாதியாகும். பிறகு பலன் மாறுவதற்கு வீடியோவைக் குற்றம் சொல்வார்கள்.

தேய்க்கும் கருவியில் இன்னும் கவனம் தேவை. குழாயின் பளபளப்பு மிக மெல்லிய குரோமிய முலாம். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரும், பச்சை நிறச் சொரசொரப்பு நாரும் அதில் கீறல் போடும். கீறலில் அடுத்த முறை உப்பு இன்னும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். பழைய டூத் பிரஷ் போதும். குழாயின் அடிவிளிம்பில் அதுதான் சரியாக நுழையும். ‘நார் போட்டுத் தேய்க்கவும்’ என்று பொதுவாகச் சொன்னால் ஒருவர் ஸ்டீல் நாரை எடுத்துவிடுவார். ஆகவே எதைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் பெயரோடு வர வேண்டும். கம்பெனிப் பெயர் தேவையில்லாத இடத்தில் பொருளின் பொதுப்பெயரே நல்லது. அந்தக் கம்பெனியின் துணிதான் பலன் தந்தது என்ற எண்ணத்தை அது தவிர்க்கும். வேலையைச் செய்வது அமிலம். துடைப்பதற்கு எந்தப் பருத்தித் துணியும் ஆகும்.

இனி நேரத்தை எப்படிச் சொல்வது என்பது. வீடியோ எடுப்பதற்கு முன் அதே வேலையைக் கேமரா இல்லாமல் கடிகாரம் வைத்துச் செய்து பார்க்க வேண்டும். முறை இது: கரைசலில் டிஷ்யூ பேப்பரை நனைத்துக் குழாயைச் சுற்றுவது, காயாமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டு ரப்பர் பேண்ட் இடுவது, ஊறவிடுவது, அவிழ்த்து டூத் பிரஷ்ஷால் தேய்ப்பது, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது, துணியால் துடைப்பது. கையால் செய்யும் வேலை மொத்தம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஊறும் நேரம் 20 நிமிடம். இந்த இரண்டையும் கூட்டி ‘25 நிமிடம்’ என்று சொன்னால் பார்ப்பவர் தயங்குவார். ஐந்து நிமிடம் என்று மட்டும் சொன்னால் பொய். இரண்டையும் பிரித்துச் சொல்வதே சரி: கைவேலை ஐந்து நிமிடம், ஊறுவது 20 நிமிடம். இப்படிச் சொல்லும்போது வேலை சுலபம் என்ற கவர்ச்சியும் போவதில்லை, கணக்கும் தவறுவதில்லை.

ஒரு குழாயில் மட்டும் செய்து பார்ப்பது போதாது. மெல்லிய கறை உள்ள ஒன்றிலும் தடித்த கறை உள்ள ஒன்றிலும் செய்து பார்க்க வேண்டும். இரண்டில் அதிக நேரம் எடுத்ததையே வீடியோவில் சொல்வது பாதுகாப்பு. மெல்லிய கறையில் கிடைத்த பலனைத் தடித்த கறையின் படத்தோடு ஒட்டுவதுதான் இந்த வீடியோக்களில் நிகழும் மிகப் பெரிய ஏமாற்று. எடுப்பவர் வேண்டுமென்று செய்யாமலும் அது நிகழ்ந்துவிடும். ஊற வைக்கும் நேரத்துக்கு உச்ச அளவும் வேண்டும். இரவு முழுதும் அமிலத்தில் ஊற விட்டால் சில குழாய்களில் முலாம் மங்கிவிடும். கறை மிஞ்சினால் நேரத்தை நீட்டாமல், கழுவிவிட்டு மறுபடி ஒரு சுற்று செய்வது நல்லது.

படம் பிடிப்பதில் ஒரு விஷயம் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. உப்புக்கறை நனைந்தால் மறைந்துவிடும். கறையின் மேற்பரப்பு கரடுமுரடாக இருப்பதால் அதில் படும் ஒளி எல்லாத் திசையிலும் சிதறுகிறது. அதனால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் அந்தக் குழிகளை நிரப்பியதும் சிதறல் குறைந்து, அடியில் உள்ள உலோகம் பளிச்சென்று தெரியும். எந்தப் பொருளும் போடாமல் வெறும் தண்ணீரை ஊற்றினாலே பழைய குழாய் புதிதுபோல மின்னும். அரை மணி நேரத்தில் காய்ந்ததும் வெள்ளை திரும்பிவிடும். ஆகவே கறை உள்ள படத்தைக் காய்ந்த நிலையிலும், சுத்தமான படத்தை ஈர நிலையிலும் எடுத்த வீடியோ எதையும் நிரூபிப்பதில்லை. சுத்தம் செய்தபின் துணியால் துடைத்து, முழுதாகக் காயவிட்டு, அதன் பிறகே கடைசிப் படத்தை எடுக்க வேண்டும். பார்ப்பவரும் இதைச் சோதனையாகக் கொள்ளலாம்: கடைசிக் காட்சியில் குழாயில் நீர்த்துளி இருந்தால் அந்தப் பலனை நம்ப வேண்டாம்.

வெளிச்சமும் இதே போலத்தான். பக்கவாட்டிலிருந்து வரும் சன்னல் வெளிச்சத்தில் கறை துலக்கமாகத் தெரியும். நேரே முன்னாலிருந்து அடிக்கும் விளக்கில் மங்கிவிடும். முன்பும் பின்பும் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுக்க, தரையில் டேப் ஒட்டி ஸ்டாண்டின் கால்களுக்கு அடையாளம் வைப்பது எளிய வழி. போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். திரையில் குழாயின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் அது பூட்டிக்கொள்ளும். இன்னும் வலுவான சான்று வேண்டுமென்றால் குழாயின் ஒரு பாதியை மட்டும் சுற்றி, மறுபாதியை அப்படியே விடலாம். ஒரே படத்தில், ஒரே வெளிச்சத்தில் கறையும் சுத்தமும் அருகருகே நிற்கும்போது வார்த்தையே தேவைப்படாது. ஊறும் நேரத்தை வெட்டும் இடத்தில் ‘20 நிமிடம் கழித்து’ என்று திரையில் எழுத வேண்டும். தேய்ப்பதை வேகமாக ஓட்டினால் எத்தனை மடங்கு வேகம் என்று எழுத வேண்டும்.

இவ்வளவும் 45 விநாடிக்குள் அடங்குமா என்றால், அடங்கும். முதல் ஏழு விநாடியில் காய்ந்த, கறை படிந்த குழாய். குரல்: “போர்வெல் தண்ணி வர்ற வீட்ல பைப் இப்படித்தான் வெள்ளையா ஆயிடும். இது உப்புக்கறை. சோப்பு போட்டா போகாது.” அடுத்த பன்னிரண்டு விநாடியில் பொருள்கள் ஒவ்வொன்றாக மேசையில் வைக்கப்படும், பெயர் திரையில் வரும். “ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணி, ரெண்டு டீஸ்பூன் எலுமிச்சை உப்பு. கரைச்சு, டிஷ்யூ பேப்பரை நனைச்சு பைப்பைச் சுத்துங்க. மேல ஒரு பிளாஸ்டிக் கவர், ரப்பர் பேண்ட்.” பிறகு கடிகாரம் ஒரு விநாடி தோன்றும். “இருபது நிமிஷம் விடுங்க. பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சு, நிறைய தண்ணி ஊத்தி, துணியால துடைங்க.” அடுத்து வருவது காய்ந்த குழாய். “இது நல்லா காஞ்ச அப்புறம் எடுத்தது. மெல்லிசா இருந்த கறை போயிடுச்சு. அடியில தடிமனா இருக்கறதுக்கு இன்னொரு தடவை செய்யணும்.” கடைசி ஏழு விநாடி எச்சரிக்கைக்கு. “மார்பிள், கடப்பா கல்லு மேல இது படக்கூடாது. பிளீச்சிங் பவுடரோட சேர்க்கவே கூடாது.”

இதில் ‘தடிமனா இருக்கறதுக்கு இன்னொரு தடவை’ என்ற வாக்கியத்தைப் பலர் வெட்டிவிட விரும்புவார்கள். பலனைக் குறைத்துக் காட்டுகிறதே என்று நினைப்பார்கள். வீடியோ முழுவதையும் நம்ப வைப்பது அந்த வாக்கியம்தான். அடியில் கொஞ்சம் கறை மிஞ்சிய குழாயைக் காட்டும்போது, மேலே கறை போனது உண்மை என்று பார்ப்பவருக்குத் தானாகவே விளங்குகிறது. ‘இனி கறையே வராது’ என்பதும் சொல்லக்கூடாத ஒன்று. தண்ணீர் மாறாதவரை கறை திரும்ப வரும். குளித்து முடித்ததும் குழாயைக் காய்ந்த துணியால் துடைத்தால் மெதுவாக வரும், அவ்வளவே. அதேபோல, எலுமிச்சை உப்பு கிருமிகளை இத்தனை சதவீதம் கொல்லும் என்றெல்லாம் சேர்ப்பது வீட்டில் யாராலும் சோதித்துக் காட்ட முடியாத பேச்சு. கண்ணால் காட்ட முடிந்ததை மட்டும் சொல்வது நல்லது.

கடைசி ஏழு விநாடி எச்சரிக்கை சடங்குக்காக வைப்பதல்ல. மார்பிளும் கடப்பா கல்லும் அடிப்படையில் கால்சியம் கார்பனேட்டே. உப்புக்கறையைக் கரைக்கும் அமிலம் கல்லையும் அரித்து, பளபளப்பு போன தழும்பை விட்டுவிடும். குழாயில் சுற்றிய டிஷ்யூவிலிருந்து சொட்டும் நீர் கீழே உள்ள கல் திண்டில் விழாதபடி ஒரு கிண்ணம் வைக்க வேண்டும். சிமென்ட் இணைப்புகளும் அமிலத்தில் மெல்ல அரியும் என்பதால் டைல்ஸில் செய்தால் சீக்கிரம் கழுவிவிட வேண்டும்.

பிளீச்சிங் பவுடர் இதைவிடக் கடுமையான விஷயம். அதனோடும், துணி வெளுக்கும் திரவத்தோடும் எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு வெளியேறும். வினிகரும் எலுமிச்சை உப்பும் இதற்கு விலக்கல்ல. கழிப்பறைக்குப் பயன்படும் ஆசிட்டோடு சேர்ந்தால் இன்னும் வேகமாக வெளிவரும். சன்னல் மூடிய சிறு குளியலறையில் அது நுரையீரலைக் காயப்படுத்தும். ‘எல்லாவற்றையும் கலந்தால் இரட்டைப் பலன்’ என்று காட்டும் வீடியோக்களை இதனாலேயே எடுக்கக் கூடாது. கண் எரிச்சலும் இருமலும் நெடியும் வந்தால், கழுவ முயலாமல் உடனே வெளியேறி, காற்றோட்டம் உள்ள இடத்துக்குப் போக வேண்டும். மூச்சுத்திணறல் இருந்தால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அமிலக் கரைசலைக் கையாளும்போது ரப்பர் கையுறை போடுவதையும் வீடியோவிலேயே காட்டலாம். தனியாக ஒரு வார்த்தைகூடச் செலவாகாது.

பொருளைக் கம்பெனி இலவசமாகத் தந்திருந்தாலோ பணம் கொடுத்திருந்தாலோ அந்த வீடியோ விளம்பரம். இந்திய விளம்பரத் தரக் குழு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி அது திரையிலேயே தெரிய வேண்டும். கீழே குறிப்பில் மட்டும் எழுதினால் போதாது. 15 விநாடிக்கு மேற்பட்ட, இரண்டு நிமிடத்துக்கு உட்பட்ட வீடியோவில் அந்த அடையாளம் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரம் நிற்க வேண்டும். 45 விநாடி வீடியோ என்றால் 15 விநாடி. இதைத் தவிர, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் பொருளைப் பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. மறுபடி நடந்தால் 50 லட்சம் வரை. பரிந்துரைத்தவர் அந்தக் கூற்றின் உண்மையை உரிய கவனத்தோடு சோதித்திருந்தால் இந்த அபராதம் அவர்மேல் விழாது என்றும் சட்டம் சொல்கிறது. கேமரா இல்லாமல் கடிகாரம் வைத்துச் செய்து பார்த்த அந்த முன்சோதனையை, தேதி, கறையின் நிலை, ஊறிய நேரம், காய்ந்தபின் எடுத்த படம் ஆகியவற்றோடு குறித்து வைத்திருந்தால் இங்கே அது கைகொடுக்கும்.